ஒரு மணி நேரத்தில் குறைந்த 900 கிராம்

நேயர்களுக்கு வணக்கம். சென்னையில் எடை குறைக்க வருபவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். மே மாதம் வந்தால் யாராவது ஒருவர் முகமெல்லாம் சிரிப்பாக வந்து, "சார், ஒரே நடையில் கிட்டத்தட்ட ஒரு கிலோ போச்சு" என்பார்.

போன கோடையில் திருவான்மியூரிலிருந்து வந்த ஒரு அக்கா அப்படித்தான் சொன்னார். காலை ஏழரைக்குக் கடற்கரைப் பக்கம் ஒரு மணி நேரம் வேக நடை. கிளம்பும்போது 74 கிலோ, திரும்பியதும் 73.1. நடுவில் 300 மில்லி தண்ணீர் குடித்திருந்தார். குறைந்த 900 கிராமோடு அதையும் சேர்த்தால், உடம்பிலிருந்து வெளியேறியது 1.2 லிட்டர். ஏறக்குறைய எல்லாமே வியர்வை. கொழுப்பு எவ்வளவு? அந்த நடைக்கு சுமார் 300 கலோரி செலவாகும். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி வேண்டும். கணக்குப் போட்டால் அதிகபட்சம் 40 கிராம்.

குறைந்த எடை ஏறிவிடக் கூடாதென்று அவர் பதினொரு மணி வரை தண்ணீரே குடிக்கவில்லை. பத்து மணிக்கே தலைவலி. எழுந்து நின்றால் கண் இருட்டியிருக்கிறது.

இதற்கு வெயில் மட்டும் காரணம் இல்லை. அவர் இரண்டு வாரமாகச் சோற்றை வெகுவாகக் குறைத்திருந்தார். உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து, ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது தீர்ந்தால் அந்தத் தண்ணீரும் போய்விடும். மாவுச்சத்து குறையும்போது இன்சுலினும் குறையும், சிறுநீரகம் உப்பைக் கூடுதலாக வெளியேற்றும். சோறு குறைந்தால் அதோடு போகும் குழம்பும் ரசமும் குறைகிறது அல்லவா, அவற்றில் வந்த தண்ணீரும் உப்பும்கூட இல்லை. ஆக, டயட்டில் இருப்பவர் வாசலைத் தாண்டும்போதே கொஞ்சம் வறண்டுதான் கிளம்புகிறார்.

புழுக்கம் இதை இன்னும் மோசமாக்கும். வியர்வை தோலில் காய்ந்தால்தான் உடம்பு குளிரும். சொட்டிக் கீழே விழும் வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. கடலோர ஊரில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாது, சட்டைதான் நனையும். பிளாஸ்டிக் உடை போட்டுக்கொண்டு நடப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். 1997-இல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடை குறைக்க இப்படி வியர்வையை வலிந்து வெளியேற்றி இறந்துபோனார்கள்.

அந்த அக்காவிடம் முதலில் நேரத்தை மாற்றச் சொன்னேன். காலை ஐந்து மணிக்குக் கிளம்பி ஆறேகாலுக்குள் வீடு. விடியலில் ஈரப்பதம் அதிகம்தான், ஆனால் வெப்பநிலை குறைவு, வெயில் முதுகில் விழாது. மாலை என்றால் ஆறுக்கு மேல், கடல்காற்று இருந்தால் மட்டும். காற்றே இல்லாத நாளில் வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே பயிற்சி போதும். முதல் சில நாள் இருபது நிமிடம், அப்புறம் மெல்லக் கூட்டலாம். வெக்கைக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும்.

தண்ணீருக்கு அவருடைய தராசே வழிகாட்டி. கிளம்ப அரை மணி முன் இரண்டு டம்ளர். நடக்கும்போது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சில வாய். திரும்பியதும் எடை பார்த்து, குறைந்ததைவிடக் கால் பங்கு கூடுதலாக, அதாவது அவருக்கு 1.1 லிட்டர், இரண்டு மூன்று மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. அதில் ஒரு பங்கு உப்புப் போட்ட நீர்மோர். இளநீரும் நல்லதுதான், ஆனால் வியர்வையில் போகும் உப்பு அதில் குறைவு. நடந்து வந்தபின் எடை கூடியிருந்தால் தண்ணீர் அளவுக்கு மீறிப் போய்விட்டது. ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போவதும் ஆபத்துதான். ரத்த அழுத்தம், சிறுநீரகம், இதயக் கோளாறு உள்ளவர்கள் உப்பு, தண்ணீர் அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

தலைசுற்றல், குமட்டல், தலைவலி, கால் தளர்வு, இவற்றில் எது வந்தாலும் அன்றைய பயிற்சி முடிந்தது. நிழலில் படுத்து, காலை உயர்த்தி வைத்து, மெல்லக் குடிக்க வேண்டும். அரை மணியில் தெளியாவிட்டால் மருத்துவமனை.

பேச்சு குழறுவது, தள்ளாடுவது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வது, மயங்கி விழுவது, இவை வேறு. இது ஹீட் ஸ்ட்ரோக் என்ற வெப்பத் தாக்கு. "வியர்க்கத்தானே செய்கிறது, ஒன்றும் இல்லை" என்று பலர் ஏமாந்துவிடுகிறார்கள். உடற்பயிற்சியால் வரும்போது உடம்பு 40 டிகிரியைத் தாண்டினாலும் வியர்வை வழிந்துகொண்டே இருக்கலாம். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். மற்றவர்கள் வண்டி வரும்வரை காத்திருக்காமல் தலை முதல் கால் வரை தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். ஐஸ் கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.