ஆஃபர் லெட்டரில் பதவியோ சம்பளமோ தவறாக இருந்தால் எச்.ஆருக்கு எப்படி எழுதுவது?

நேயர்களுக்கு வணக்கம். நேர்காணல் முடிந்து, சம்பளம் பேசி, ஒரு வாரம் காத்திருந்தபின் ஆஃபர் லெட்டர் வருகிறது. திறந்து பார்த்தால் பேசிய பதவி அதில் இல்லை, அல்லது தொகை குறைகிறது. இந்த இடத்தில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். "சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று கையெழுத்துப் போடுகிறார்கள்; இல்லையென்றால் கோபத்தோடு போனை எடுக்கிறார்கள். இரண்டுமே வேண்டாம். அந்தக் கடிதத்தைத் திருத்த வைக்க ஒரு மின்னஞ்சல் போதும். அதை எப்படி எழுதுவது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலை. ஒருவருக்கு அங்கே சீனியர் குவாலிட்டி இன்ஜினியர் பதவி பேசி முடிகிறது. அவருக்காக நிறுவனம் ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு, அதாவது சி.டி.சி., 9,60,000 ரூபாய் என்று ரெக்ரூட்டர் மின்னஞ்சலில் உறுதி செய்திருக்கிறார். வந்த கடிதத்தின் முதல் பக்கத்தில் 9,60,000 சரியாகவே இருக்கிறது. ஆனால் பதவி குவாலிட்டி இன்ஜினியர் என்றிருக்கிறது. கடைசிப் பக்கத்தில் உள்ள சம்பள விவர இணைப்பைக் கூட்டினால் 9,06,000 வருகிறது.

எழுத உட்காருமுன் அது உண்மையிலேயே தவறுதானா என்று பார்த்துவிட வேண்டும். வருகிற புகார்களில் கணிசமானவை தவறே அல்ல, சி.டி.சி.யைப் புரிந்துகொள்வதில் ஏற்படும் குழப்பம்தான். 9,60,000-ஐ 12-ஆல் வகுத்தால் மாதம் 80,000. ஆனால் 80,000 கைக்கு வராது. அடிப்படைச் சம்பளம் அதில் பாதி, 40,000 என்று கொள்வோம். நிறுவனம் தன் பங்காகக் கட்டும் வருங்கால வைப்புநிதி அதில் 12 சதவீதம், 4,800 ரூபாய். பணிக்கொடைக்காக ஒதுக்குவது 4.81 சதவீதம், ஏறத்தாழ 1,924 ரூபாய். இரண்டும் சி.டி.சி.க்குள்ளேயே அடங்கும். அவற்றைக் கழித்தால் 73,276 நிற்கிறது. அதிலிருந்துதான் உங்கள் பங்கு வைப்புநிதியும் வருமான வரியும் பிடிப்பார்கள். ஆகவே "80,000 என்றார்கள், 73,000 சொச்சம்தான் போட்டிருக்கிறார்கள்" என்று எழுதினால் எச்.ஆர். ஒரு விளக்கம் அனுப்பிவிட்டு முடித்துக்கொள்வார். செயல்திறன் ஊக்கத்தொகையும் இப்படித்தான். 9,60,000-க்கு உள்ளேயா வெளியேயா என்று பேசும்போது கேட்காமல் விட்டிருந்தால், அது உள்ளே அடங்கியிருப்பதைப் பிழை என்று சொல்ல முடியாது. அது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

நம் உதாரணத்தில் இருப்பது அசல் பிழை. முதல் பக்கமும் இணைப்பும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. 9,60,000-க்கும் 9,06,000-க்கும் இடையே வித்தியாசம் 54,000. இது 9-ஆல் மீதியின்றி வகுபடுகிறது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9-இன் மடங்காகத்தான் வரும். கணக்கர்கள் நெடுங்காலமாகப் பிழை தேடப் பயன்படுத்தும் சோதனை இது. 6-உம் 0-வும் இடம் மாறியிருக்கின்றன. தட்டச்சுப் பிழை போலிருக்கிறது என்று சந்தேகிக்க இது போதும், முடிவாகச் சொல்லப் போதாது. இணைப்பில் அடிப்படைச் சம்பளம் 37,750 என்றிருந்தால் சந்தேகம் வலுக்கிறது. 9,06,000-ஐ 12-ஆல் வகுத்தால் 75,500. அதில் சரிபாதி 37,750. தவறான மொத்தத்தை உள்ளிட்டதும் கணினி மற்ற வரிகளையெல்லாம் அதிலிருந்தே கணக்கிட்டுவிட்டது.

இது ஏன் முக்கியம் என்றால், நீங்கள் கேட்க வேண்டிய திருத்தமே இதனால் மாறுகிறது. "மொத்தத்தை மட்டும் மாற்றுங்கள்" என்று எழுதினால் கடைசி வரி மட்டும் மாறி, மேலே உள்ள வரிகள் பழைய தொகையிலேயே நிற்கக்கூடும். சம்பளப் பிரிவு மாதாமாதம் எடுத்துப் போடுவது அந்த வரிகளைத்தான், முதல் பக்கத்து வாக்கியத்தை அல்ல. எனவே "முழு இணைப்பையும் 9,60,000 அடிப்படையில் புதிதாகக் கணக்கிட்டு அனுப்புங்கள்" என்றே கேட்க வேண்டும்.

பதவிப் பெயரின் கதை வேறு. பல நிறுவனங்களில் ஆஃபர் லெட்டரில் வரும் பதவி, ஆள் தேடத் தொடங்கும்போது மேலாளர் ஒப்புதல் வாங்கிய காலியிடப் பதிவிலிருந்து தானாக வருகிறது. காலியிடம் குவாலிட்டி இன்ஜினியர் என்று திறக்கப்பட்டிருக்கும். நேர்காணலில் உங்கள் அனுபவத்தைப் பார்த்து, ஒரு படி மேலே எடுப்பதாகச் சொல்லியிருப்பார்கள். ஆனால் பதிவை யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். அப்படியிருந்தால் எச்.ஆர். ஒரு சொல்லை அழித்து வேறு சொல் போட முடியாது. காலியிடப் பதிவையே திருத்தி மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்குச் சில நாள் ஆகும். "ஒரு வார்த்தையை மாற்ற இவ்வளவு நாளா?" என்று பலர் எரிச்சல்படுவதற்குக் காரணம் இதுதான்.

பதவிப் பெயரோடு கிரேடையும் கேளுங்கள். பெயர் மட்டும் தவறி, கிரேடு சரியாக இருந்தால் சின்ன விஷயம். கிரேடே கீழே இருந்தால் கொஞ்சம் கவலைப்பட வேண்டியதுதான். பல நிறுவனங்களில் நோட்டீஸ் காலம், மருத்துவக் காப்பீட்டுத் தொகை, அடுத்த பதவி உயர்வுக்கு ஆகும் காலம் எல்லாம் கிரேடைப் பொறுத்தவை. பெயரையும் லேசாக விடாதீர்கள். நாளை வேறு இடத்துக்குப் போகும்போது, அங்கே பின்னணிச் சரிபார்ப்பு செய்பவர்கள் நீங்கள் எழுதிய பதவியை இந்த நிறுவனத்தின் பதிவோடு ஒப்பிடுவார்கள். சீனியர் என்று எழுதி, பதிவில் அது இல்லையென்றால் விளக்கம் சொல்ல வேண்டியது நீங்கள்.

இனி மின்னஞ்சல். ஆஃபர் வந்த அதே மின்னஞ்சலுக்கே பதில் எழுதுங்கள். புதிதாகத் தொடங்க வேண்டாம். பழைய உறுதிமொழி அந்தச் சரத்திலேயே இருந்தால் தேட வேண்டியதில்லை. அனுப்பிய எச்.ஆர். அலுவலரை நேரடியாக விளித்து எழுதுங்கள். கன்சல்டன்சி வழியாகப் போயிருந்தால் அவர்களுக்கு நகல் போடலாம். ஆனால் கன்சல்டன்சி சொன்ன தொகை நிறுவனம் சொன்ன தொகை ஆகாது. பதில் நிறுவனத்திலிருந்தே வர வேண்டும். மேலாளருக்கு முதல் மின்னஞ்சலிலேயே நகல் போட வேண்டாம் என்பது என் கருத்து. பிழை செய்தவரைப் பிறர் முன் நிறுத்தியது போலாகிவிடும். இரண்டு வேலை நாளில் பதில் இல்லையென்றால் ஒரு போன். அதன்பின்னும் அசைவில்லையென்றால் நகல்.

இப்படி எழுதலாம். நிறுவனத்தில் ஆங்கிலம்தான் நடைமுறை என்றால் இதே வரிசையில் ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

"வணக்கம் மேடம். இம்மாதம் 4-ஆம் தேதியிட்ட ஆஃபர் லெட்டர் கிடைத்தது, நன்றி. கையெழுத்திடுமுன் இரண்டு இடங்களில் திருத்தம் வேண்டுகிறேன். ஒன்று, முதல் பக்கத்தில் பதவி குவாலிட்டி இன்ஜினியர் என்றுள்ளது. சென்ற மாதம் 28-ஆம் தேதி நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலில் சீனியர் குவாலிட்டி இன்ஜினியர் என்றிருந்தது. இரண்டு, முதல் பக்கத்தில் ஆண்டுத் தொகை 9,60,000. இணைப்பின் கூட்டுத்தொகை 9,06,000. அந்த மின்னஞ்சலை இத்துடன் இணைத்துள்ளேன். பதவியையும் அதற்குரிய கிரேடையும் திருத்தி, இணைப்பு முழுவதையும் 9,60,000 அடிப்படையில் மறுபடி கணக்கிட்டு, திருத்திய கடிதத்தை அனுப்ப வேண்டுகிறேன். ஏற்பதற்கான கடைசி நாள் 9-ஆம் தேதி என்றுள்ளது. திருத்தத்துக்கு அதற்கு மேல் நாளாகுமானால் அந்தத் தேதியையும் நீட்டித்துத் தெரிவியுங்கள். சேரும் தேதியில் மாற்றமில்லை."

இவ்வளவுதான். கடிதத்தில் குறிப்பு எண் இருந்தால் அதையும் தேதியோடு சேர்த்து எழுதுங்கள். எங்கே இருக்கிறது, என்ன இருக்கிறது, என்ன இருக்க வேண்டும், அதற்கு ஆதாரம் என்ன என்ற நான்கும் ஒவ்வொரு பிழைக்கும் வந்துவிட்டன. எச்.ஆர். இதை அப்படியே ஒப்புதல் தருபவருக்கு அனுப்பிவிடலாம், தன் பக்கமிருந்து எதுவும் சேர்க்க வேண்டியதில்லை.

தொகையைப் போனில் மட்டும் பேசியிருந்தால் ஆதாரம் இல்லையே என்று தயங்க வேண்டாம். எந்தத் தேதியில் யாரோடு பேசினீர்கள், என்ன தொகை முடிவானது என்று எழுதி, "உங்கள் குறிப்போடு சரிபார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். சம்பள முடிவு அவர்கள் பக்கத்திலும் எங்காவது பதிவாகியிருக்கும்.

இந்த மின்னஞ்சலில் கண்டிப்பாகச் சேர்க்கக் கூடாத ஒன்று உண்டு. "அப்படியே 10 லட்சமாக ஆக்கித் தர முடியுமா?" என்ற வேண்டுகோள். அந்த வரி வந்த உடனே இது பிழைதிருத்தம் என்ற நிலையிலிருந்து மறுபேச்சு ஆகிவிடும். முழு ஆஃபரும் மறுபடி ஒப்புதலுக்குப் போகும். நியாயமான திருத்தமும் அதோடு சேர்ந்து தேங்கும்.

கடிதம் இணையதளத்தில் வந்திருந்தால் அங்கே 'ஏற்கிறேன்' பொத்தானை அழுத்தாதீர்கள். 'மறுக்கிறேன்' பொத்தானையும் அழுத்தாதீர்கள்; மறுத்தால் சில நிறுவனங்களின் அமைப்பில் ஆஃபரே முடிந்துபோனதாகப் பதிவாகும். தாளில் வந்திருந்தால் பேனாவால் அடித்து எழுதி அனுப்ப வேண்டாம். அவர்கள் கையொப்பமில்லாத அந்தத் திருத்தத்தை நம்பி இருக்க முடியாது. எல்லாவற்றையும் விட முக்கியமானது, திருத்திய கடிதம் கையில் வரும்வரை பழைய வேலையில் ராஜினாமா கொடுக்காதீர்கள். "சேருங்கள், முதல் மாதத்திலேயே மாற்றிவிடலாம்" என்று சொன்னால், அதையே ஒரு வரியில் மின்னஞ்சலாகக் கேட்டு வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால், அவர்களால் செய்ய முடியாத ஒன்றைச் சொல்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்வேன்.

தொகை பேசியதைவிடக் கூடுதலாக இருந்தாலும் இதே மின்னஞ்சலை எழுதுங்கள். பிற்பாடு தணிக்கையில் பிடிபட்டால், கூடுதலாகப் போனதைச் சம்பளத்தில் கழிக்கப் பார்ப்பார்கள்.

திருத்திய கடிதம் வந்ததும் அந்த இரண்டு இடங்களை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். புதிதாக அச்செடுக்கும்போது சேரும் தேதி, பணியிடம், தகுதிகாண் காலம், நோட்டீஸ் காலம் ஆகியவற்றில் வேறொன்று மாறியிருக்கலாம். இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் படியுங்கள். முந்தைய கடிதத்துக்குப் பதிலாக இது வழங்கப்படுகிறது என்ற வாக்கியம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். சேரும் நாளில் தரும் பணி நியமன ஆணை சில இடங்களில் பழைய பதிவிலிருந்தே அச்சாகும். அதையும், ஊழியர் தளத்தில் உங்கள் பெயருக்கு எதிரே இருக்கும் பதவியையும், முதல் சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளம் 40,000 என்றிருப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே 37,750 வந்திருந்தால், திருத்திய கடிதத்தை இணைத்துச் சம்பளப் பிரிவுக்கு அன்றே எழுதுங்கள். அடுத்த மாதச் சம்பளக் கணக்கு மூடுவதற்குள் எழுதினால், குறைந்த தொகையை அந்த மாதமே நிலுவையாகச் சேர்த்துத் தந்துவிட முடியும். வணக்கம்.