கை மரக்கிறதா, உதடு கூசுகிறதா? மூச்சை இழுக்காதீர்கள், விடுங்கள்

[காட்சி: கிண்டி ரயில் நிலையம், சாயங்காலக் கூட்டம்]

பிளாட்பாரப் பெஞ்சில் ஒரு காலேஜ் பெண் பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறாள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்துகிறது, உதட்டைச் சுற்றி மரத்துவிட்டது, தலை கிறுகிறுக்கிறது. சுற்றி நிற்கிறவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "நல்லா இழுத்து மூச்சு விடும்மா!"

அதைச் செய்தால் இன்னும் மோசமாகும்.

[காட்சி: விரலில் ஆக்சிமீட்டர், 99]

கொரோனாவுக்கு அப்புறம் பல வீடுகளில் இருக்கும் இந்தக் கருவியை அவள் விரலில் மாட்டினால் 98, 99 என்றுதான் காட்டும், ஏனென்றால் அவளுக்கு ஆக்சிஜன் குறையவில்லை. வேகவேகமாக மூச்சு விட்டதில் குறைந்துபோனது கார்பன் டை ஆக்சைடுதான். கழிவுதானே, போனால் போகட்டும் என்று விட முடியாது. அது அளவுக்கு மீறி வெளியேறினால் ரத்தத்தின் அமிலத்தன்மை குறையும், அப்போது ரத்தத்தில் தனியாகத் திரியும் கால்சியத்தில் கொஞ்சம் ஆல்புமின் என்ற புரதத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கால்சியம் குறைந்ததும் நரம்புகள் சும்மாவே துடிக்க ஆரம்பிக்கும். ஊசி குத்துவதும் மரப்பதும் அதனால்தான். முற்றினால் கட்டைவிரல் உள்ளங்கைப் பக்கம் மடங்கி, மற்ற விரல்கள் விறைத்து ஒட்டிக்கொள்ளும். பார்க்கிறவர்கள் வலிப்பு என்று பயந்து கையில் சாவியைத் திணிப்பார்கள், தேவையே இல்லை. தலை சுற்றுவது வேறு கணக்கு: மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் வருவது.

சரி, என்ன செய்வது? உட்கார வையுங்கள், நின்றால் விழுந்துவிடலாம். வாயை மூடி மூக்கு வழியாகச் சாதாரணமாக ஒரு மூச்சு, நான்கு எண்ணும் வரை. நெஞ்சை நிரப்ப வேண்டாம். பிறகு சூடான டீயை ஊதுவது போல உதட்டைக் குவித்து, ஆறு எண்ணும் வரை மெல்ல வெளியே விட வேண்டும். ஆறு முடியவில்லையா, நான்கு போதும், அடுத்த முறை ஐந்து. பக்கத்தில் இருப்பவர் கூடவே எண்ணினால் சுலபம். மூச்சு நிதானமானதும் உதடும் விரலும் சில நிமிடங்களில் தெளியத் தொடங்கும், சிலருக்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

முகத்தில் காகிதப் பையை வைக்காதீர்கள். மூச்சு வாங்குவதற்குக் காரணம் மாரடைப்போ ஆஸ்துமாவோ என்றால், இருக்கிற ஆக்சிஜனும் குறைந்து உயிருக்கே ஆபத்து.

[காட்சி: திரையில் 108]

மரப்பு ஒரே பக்கம் மட்டும், வாய் கோணுகிறது, பேச்சு குழறுகிறது, நெஞ்சு வலி, நினைவு தப்புதல், ஆக்சிமீட்டரில் 94க்குக் கீழே: இதில் எது இருந்தாலும் மூச்சை எண்ணிக்கொண்டு உட்காராமல் 108-ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளி வாந்தியோடு ஆழமாக மூச்சு வாங்கினாலும் அப்படித்தான், அது பதற்றமாக இல்லாமல் ரத்தத்தில் அமிலம் ஏறியதன் அடையாளமாக இருக்கலாம். முதல் முறையாக இப்படி மூச்சு வாங்கியவர்கள், சரியாகிவிட்டாலும் ஒரு டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.