கூத்து வீடியோவும் கேட்காமற்போன அண்ணாவியாரும்

நேயர்களுக்கு வணக்கம்.

சென்ற ஆண்டு படுவான்கரையில் ஓர் ஊரில் வடமோடிக் கூத்தொன்றைப் பதிவுசெய்தேன். பன்னிரண்டு நிமிட வீடியோ. அதில் எட்டு நிமிடம் கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் தம் வீட்டுத் திண்ணையில் இருந்து பேசுகிறார். மீதி நான்கு நிமிடம் களரி, அதாவது மத்தளம், சல்லரி, சதங்கை, பிற்பாட்டு எல்லாம். யூடியூபில் ஏற்றினேன். மறுநாள் கனடாவில் இருக்கும் மாமி அழைத்தார். "மருமகன், அண்ணாவியார் பேசுவது ஒன்றும் விளங்கவில்லை. சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டேன். மத்தளம் அடித்ததும் தூங்கிக்கொண்டிருந்த பேரன் எழும்பிவிட்டான்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. வீடியோவை முடிக்கும்போது ஒலியை உச்சம் வரை உயர்த்தித்தானே விட்டிருந்தேன்? தவறு அங்கேதான் இருந்தது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நம்மில் பலர் ஒலியைச் சரிசெய்வது இப்படித்தான்: கோப்பில் மிகப் பெரிய சத்தம் எங்கே இருக்கிறது என்று கணினி தேடும், அந்த உச்சம் பூச்சியம் டெசிபெலைத் தொடும்வரை முழுக் கோப்பையும் உயர்த்தும். எண்முறை ஒலியில் பூச்சியம்தான் கூரை. அதற்கு மேல் போனால் ஒலி உடையும். ஆனால் உச்சம் என்பது ஒரு கணம். ஒரு மத்தள அடி, ஒரு சீனவெடி, மைக்கில் பட்ட ஒரு கை போதும். அந்த ஒரு கணம் கூரையைத் தொட்டதும் பன்னிரண்டு நிமிடத்துக்குமான உயர்த்தலும் அங்கேயே நின்றுவிடும். காதுக்கு ஒலி எவ்வளவு உரப்பாக இருக்கிறது என்பதை உச்சம் சொல்வதில்லை.

உரப்பை அளக்க வேறு அளவுகோல் இருக்கிறது. எல்.யு.எப்.எஸ் என்பார்கள். அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் வெளியிட்ட அளவீட்டு முறையிலிருந்து வந்தது. நம் காது எந்தச் சுருதியை எவ்வளவு கூர்மையாகக் கேட்கும் என்பதையும் ஓரளவு கணக்கில் எடுத்து, வீடியோ முழுவதற்கும் ஒரே எண்ணைத் தரும். எண் நடைமுறையில் கழித்தல் குறியோடுதான் வரும். பூச்சியத்துக்கு நெருங்க நெருங்க உரப்புக் கூடும். ஐரோப்பியத் தொலைக்காட்சிகள் கேட்பது கழித்தல் 23. யூடியூப் வைத்திருக்கும் மட்டம் ஏறத்தாழ கழித்தல் 14.

யூடியூப் இந்த மட்டத்தை எப்படிக் கையாள்கிறது என்பதைக் கவனியுங்கள். அதைவிட உரப்பான வீடியோவைத் தானே தணிக்கும். மெல்லிய வீடியோவை அந்த மட்டத்துக்கு உயர்த்தித் தராது. யூடியூபில் வீடியோவின் மேல் வலது சொடுக்கு அழுத்தினால் Stats for nerds என்று ஒரு தெரிவு வரும். அதில் content loudness என்ற இடத்தில் ஓர் எண் இருக்கும். கூட்டல் 6 என்று இருந்தால் உங்கள் வீடியோ 6 டெசிபெல் மிகை. பக்கத்திலேயே 50% என்று தெரியும், பாதியாகத் தணித்துவிட்டார்கள் என்று பொருள். என் கூத்து வீடியோவில் கழித்தல் 8 புள்ளி 3 என்று நின்றது. அதாவது முன்னும் பின்னும் வரும் வீடியோக்களைவிட என் வீடியோ 8 டெசிபெல் தாழ்வாக ஒலிக்கிறது; அதை உயர்த்த ஒருவரும் இல்லை. பார்ப்பவரின் கைபேசியில் Stable volume என்ற வசதி இயங்கினால் மெல்லிய இடங்கள் கொஞ்சம் தூக்கப்படலாம். ஆனால் அதை அவர் நிறுத்தியும் வைத்திருக்கலாம், அதை நம்பி வேலை செய்ய முடியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியிலோ நான் பார்த்தவரை கோப்பில் உள்ள உரப்பு உள்ளபடியே போனது.

இதைக் கண்டதும் நான் செய்தது இரண்டாவது பிழை. முழுக் கோப்பையும் 8 டெசிபெல் உயர்த்தினேன். உச்சங்கள் கூரையை முட்டும் என்பதால் லிமிட்டர் ஒன்றைப் போட்டேன். லிமிட்டர் என்பது குறித்த எல்லையைத் தாண்டும் உச்சத்தை மட்டும் பிடித்து அமுக்கும் கருவி. அளவுமானியில் எண் கழித்தல் 14க்கு அருகே வந்தது. மகிழ்ச்சியோடு கேட்டுப் பார்த்தால், அண்ணாவியார் இன்னும் கேட்கவில்லை. மத்தளமோ தகரப் பீப்பாயைத் தட்டுவது போல ஆகிவிட்டது. ஒவ்வோர் அடியிலும் 8, 9 டெசிபெல் அமுக்கப்பட்டதால் அடியின் முனை மழுங்கி, இடைவெளியில் சல்லரியின் இரைச்சல் மேலே எழும்பியது.

எண் சரி, ஒலி பிழை. ஏன்? பேச்சையும் களரியையும் தனித்தனியாக அளந்து பார்த்தபோதுதான் புரிந்தது. பேச்சு எட்டு நிமிடமும் கழித்தல் 30. களரி நான்கு நிமிடமும் கழித்தல் 18. இரண்டுக்கும் சராசரி என்ன என்று கேட்டால், பேச்சு இரு மடங்கு நேரம் வருவதால் கழித்தல் 26 என்போம். உண்மையில் கழித்தல் 22 புள்ளி 3. ஏனென்றால் சராசரி எடுக்கப்படுவது டெசிபெலில் அல்ல, சக்தியில். 12 டெசிபெல் வேறுபாடு என்றால் சக்தியில் ஏறத்தாழப் பதினாறு மடங்கு. எனவே மூன்றில் ஒரு பங்கு நேரமே வரும் களரி, மொத்தக் கணக்கில் பத்தில் ஒன்பது பங்கை எடுத்துக்கொள்கிறது. அண்ணாவியார் எட்டு நிமிடம் பேசினாலும் அந்த எண்ணில் அவருக்கு இடமே இல்லை.

இன்னொன்றும் உண்டு. அளவுமானி மௌனத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மொத்தச் சராசரியைவிட 10 அளவு தாழ்ந்த துண்டுகளையும் விட்டுவிடும். நல்ல ஏற்பாடுதான், இல்லாவிட்டால் நீண்ட மௌனம் உள்ள வீடியோக்கள் எல்லாம் மெல்லியவை என்று காட்டும். ஆனால் என் வீடியோவில் பேச்சு சராசரிக்கு 8 கீழே நின்றது. அண்ணாவியார் வாக்கியத்தின் இறுதியில் குரலைத் தாழ்த்தும் இடங்கள் எல்லாம் அந்த 10 அளவு எல்லைக்குக் கீழே போய்விட்டன. கேட்கவே முடியாத இடங்களைத்தான் மானி பார்க்காமல் விட்டது.

ஆகவே வேலையின் வரிசையை மாற்றினேன். முதலில் வீடியோவுக்குள்ளே உள்ள வேறுபாட்டைத் தீர்ப்பது, மொத்த எண்ணைக் கடைசியில் பார்ப்பது.

பேச்சைத் தனித் தடத்துக்கு மாற்றினேன். எடிட்டிங் மென்பொருள் எதுவானாலும் இது முடியும். முதலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டினேன். திண்ணையில் வீசிய வாவிக் காற்றின் தடதடப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பிறகு கம்ப்ரசர், அதாவது எல்லையைத் தாண்டும் ஒலியை மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் குறைக்கும் கருவி. பெரிய சொல்லுக்கும் சிறிய சொல்லுக்கும் உள்ள இடைவெளி குறைந்ததும் பேச்சை உயர்த்தி, தனியே அளந்தால் கழித்தல் 16 வரும்படி வைத்தேன். 30இலிருந்து 16க்கு வந்தால் 14 டெசிபெல் ஏற்றம். இரைச்சலும் குறைந்தது அதே 14 ஏறும் என்பதை மறக்கக் கூடாது. பக்கத்து வீட்டு மின்விசிறி இப்போது தெளிவாகக் கேட்கிறது. அதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை. இரைச்சல் நீக்கும் கருவிகளை அதிகம் முடுக்கினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல ஆகும். மின்விசிறி பரவாயில்லை.

இவ்வளவு தாழ்வாக ஏன் பதிவானது என்றும் சொல்ல வேண்டும். முதல் நாள் இரவு களரியில் மத்தளம் உடையாமல் இருக்க ரெக்கோடரின் உள்வாங்கு மட்டத்தைக் குறைத்திருந்தேன். மறுநாள் திண்ணைக்குப் போனபோது அந்தச் சக்கரத்தைத் திருப்ப மறந்துவிட்டேன். பேச்சின் உச்சம் கழித்தல் 12க்கு அருகே நிற்கும்படி வைத்திருந்தால் இந்த உரைக்கே வேலை இருந்திருக்காது.

களரிக்கு வருவோம். அதைப் பேச்சோடு சமமாக்க எனக்கு மனம் வரவில்லை. மத்தளம் வரும்போது பெரிதாகத்தான் வர வேண்டும். களரிக்கு வட்டமாக உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது தெரியும். பேச்சைவிட 3 மேலே, கழித்தல் 13இல் வைத்தேன். அதற்கு 5 டெசிபெல் ஏற்றினால் போதும். மத்தள அடிகளின் உச்சம் முன்பே கழித்தல் அரையில் நின்றதால், அதைக் கழித்தல் 1க்குள் அடக்க லிமிட்டர் ஐந்தரை டெசிபெல் அமுக்க வேண்டியிருந்தது. அதில் அடி அடியாகவே கேட்டது. ஆறைத் தாண்டினால் இந்தப் பதிவில் மத்தளம் கெடத் தொடங்கியது. இந்த எல்லை பதிவுக்குப் பதிவு மாறும், காதைத்தான் கேட்க வேண்டும். பேச்சிலிருந்து களரிக்குப் போகும் இடத்தில் மத்தளத்தை இரண்டு விநாடியில் மெல்ல ஏற்றிவிட்டேன்.

லிமிட்டரின் கூரையைப் பூச்சியத்தில் வைக்காமல் கழித்தல் 1இல் வைத்தேன். யூடியூபோ வாட்ஸ்அப்போ நம் கோப்பை அப்படியே வைத்திருப்பதில்லை, மீண்டும் சுருக்குகின்றன. சுருக்கும்போது உச்சங்கள் சற்றே மேலெழும்பலாம். அதற்கான இடைவெளிதான் அந்த ஒரு டெசிபெல். உங்கள் கருவியில் True Peak என்று தெரிவு இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்; ஒலி எண்களாகப் பதியப்படும் மாதிரிப் புள்ளிகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் உச்சத்தையும் அது பிடிக்கும்.

இப்போது மொத்தத்தை அளந்தால் கழித்தல் 14 புள்ளி 8. பதினான்குக்கு முக்கால் அளவு குறைவு. அதைத் துரத்தவில்லை. அரை, முக்கால் அளவு வேறுபாட்டுக்காக மத்தளத்தை இன்னும் அமுக்குவது வீண். யூடியூபில் இப்போது 100% என்று காட்டுகிறது, தணிப்பு இல்லை. யாரும் தணிக்காத, யாரும் உயர்த்தத் தேவையில்லாத கோப்பு என்பதால் வாட்ஸ்அப்பிலும் அதே உரப்பு. கழித்தல் 8 வரை அழுத்தி ஏற்றுபவர்களும் இருக்கிறார்கள். யூடியூப் அதை 6 தணித்துவிடும். அழுத்திய காயம் மட்டும் மிஞ்சும்.

தொலைக்காட்சி ஒன்றுக்குக் கொடுப்பதானால் இதே கோப்பின் இன்னொரு பிரதியை 8 புள்ளி 2 டெசிபெல் தணித்தால் கழித்தல் 23 வந்துவிடும். தணிப்பதில் சிக்கல் எதுவும் இல்லை, சிக்கலெல்லாம் ஏற்றுவதில்தான்.

ஏற்றிய பிறகு கைபேசியின் ஒலியைப் பாதியில் வைத்து, ஹெட்போன் இல்லாமல், வேறொருவரின் வீடியோவைக் கேட்டுவிட்டு உடனே என்னுடையதைக் கேட்டேன். விரல் ஒலிப் பொத்தானைத் தேடவில்லை.

மாமிக்கும் புதிய இணைப்பை அனுப்பினேன். அண்ணாவியார் சொன்ன ஒவ்வொரு சொல்லும் விளங்கியதாம். "ஆனால் சல்லரி கொஞ்சம் கூடிவிட்டதே, மருமகன்" என்றார். உண்மைதான். சல்லரிக்காரர் அன்றிரவு முழுவதும் என் மைக்கிற்கு முன்னால்தான் நின்றார். மத்தளமும் சல்லரியும் ஒரே தடத்தில் பதிவாகிவிட்டன. அதை இனிப் பிரிக்க முடியாது. அடுத்த அரங்கேற்றத்துக்கு இரண்டாவது மைக் ஒன்று இரவல் கேட்டு வைத்திருக்கிறேன்.

வணக்கம்.