7.3 ஓவர் என்றால் 73 சதவீதமா?

[திரையில்: கோடு போட்ட நோட்டுப் பக்கம். பென்சிலில் எழுதியது: 57/2, ஓவர் 7.3]

வணக்கம் பிள்ளைகளே. இது எங்கள் அல்சூர் தெருப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை ஆடிய பத்து ஓவர் மேட்ச்சின் ஸ்கோர் நோட்டு. எழுதியது என் அக்கா மகள், ஏழாவது படிக்கிறாள். இரண்டாவதாக ஆடும் அணிக்கு 82 ரன் வேண்டும். 7.3 ஓவரில் 57 அடித்திருக்கிறார்கள்.

"இன்னிங்ஸ்ல எவ்வளவு முடிஞ்சிருக்கு?" என்று கேட்டேன். ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "பத்துல 7.3, அப்போ 73 பர்சன்ட் சித்தி" என்றாள்.

தசமத்தைச் சதவீதமாக்கும் முறை அவளுக்கு நன்றாகவே தெரியும். 7.3ஐப் பத்தால் வகுத்தால் 0.73, நூறால் பெருக்கினால் 73. வகுத்ததும் சரி, பெருக்கியதும் சரி. ஆனால் விடை தப்பு. எங்கே தப்பு என்று பார்ப்போம்.

[திரையில்: 7.1, 7.2, 7.3, 7.4, 7.5 வரிசையாக வருகின்றன. அடுத்து 8.0]

ஸ்கோர்போர்டைக் கவனியுங்கள். 7.5க்கு அப்புறம் 7.6 வந்து பார்த்திருக்கிறீர்களா? வராது. நேராக 8தான். ஓர் ஓவருக்கு ஆறு பந்து என்பதால் ஆறாவது பந்து விழுந்ததும் ஓவர் முடிந்துவிடும். உண்மையான தசமத்தில் புள்ளிக்குப் பின்னால் 9 வரை போகும், ஏனென்றால் அங்கே ஒன்றைப் பத்துப் பங்காக வெட்டியிருக்கிறோம். இங்கே வெட்டியது ஆறு பங்காக. அதனால் ஓவரில் வரும் இந்தப் புள்ளி தசமப் புள்ளி இல்லை. "ஏழு ஓவர், அதற்கு மேல் மூன்று பந்து" என்று பிரித்துக் காட்டும் ஒரு குறி, அவ்வளவுதான்.

இதே போர்டில் இன்னொரு குறியும் உண்டு. 57/2 என்பதில் உள்ள சாய்கோடு பின்னக் கோடு இல்லை. 57 ரன், 2 விக்கெட் என்று அர்த்தம். ஆஸ்திரேலியாவில் இதையே திருப்பிப் போட்டு 2/57 என்று எழுதுவார்கள். பின்னமாக இருந்தால் அப்படித் திருப்ப முடியுமா?

சரி, 7.3க்கு வருவோம். மூன்று பந்து என்றால் ஆறில் மூன்று, அதாவது 3/6. சுருக்கினால் 1/2. தசமத்தில் 0.5. ஆகவே 7.3 ஓவர் என்பது கணக்குக்கு 7.5.

[திரையில்: 7.3 ஓவர் = 7 + 3/6 = 7.5]

எனக்குப் பிடித்த வழி இன்னும் எளிது. எல்லாவற்றையும் பந்தாக மாற்றிவிடுங்கள். ஏழு ஓவருக்கு 42 பந்து, கூட மூன்று, மொத்தம் 45. பத்து ஓவருக்கு 60 பந்து. இப்போது பின்னம் தானாகவே வந்து நிற்கிறது: 45/60. இரண்டையும் 15ஆல் வகுத்தால் 3/4. தசமத்தில் 0.75. சதவீதத்தில் 75. மூன்றும் ஒரே அளவுதான், எழுதும் விதம்தான் வேறு. இன்னிங்ஸில் முடிந்திருப்பது 73 இல்லை, 75 சதவீதம்.

இரண்டு சதவீதம்தானே, போனால் போகட்டும் என்று தோன்றலாம். மேட்ச்சைத் தொடர்ந்து பாருங்கள்.

[திரையில்: தேவை 82, அடித்தது 57, மீதி 25]

இன்னும் 25 ரன் வேண்டும். எத்தனை ஓவர் பாக்கி? அவள் 10லிருந்து 7.3ஐக் கழித்து நோட்டில் 2.7 என்று எழுதினாள். எழுதிய கையோடு பென்சில் நின்றுவிட்டது. "சித்தி, ஓவர்ல ஏழாவது பந்து ஏது?"

அதுதான் அடையாளம். ஓவர் கணக்கில் புள்ளிக்குப் பின்னால் 6, 7, 8, 9 வந்தால், ஆறாக வெட்டியதைப் பத்தாக வெட்டியதுபோல் கழித்துவிட்டோம் என்று அர்த்தம். 60 பந்தில் 45 போக மீதி 15 பந்து. 15/6 என்றால் 2.5 ஓவர். 25 ரன்னை 2.5ஆல் வகுத்தால் ஓவருக்குச் சரியாக 10 ரன் வேண்டும். அவள் எழுதிய 2.7ஆல் வகுத்திருந்தால் 9.26தான் வரும். அந்த வேகத்தில் அடித்தால் பதினைந்து பந்தில் 23 ரன்தான் தேறும். மேட்ச் தோற்றுப்போகும்.

இனி சதவீதத்தில் பிள்ளைகள் மிகவும் தடுமாறும் இடம். "நூறு பர்சன்ட்டுக்கு மேல எப்படிப் போகும்?" என்று கேட்பார்கள். அதற்கு நம் ஊரிலேயே நல்ல ஸ்கோர் இருக்கிறது. அல்சூரில் மெட்ரோ ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் கப்பன் பார்க். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் சின்னசாமி ஸ்டேடியம். 2013 ஏப்ரல் 23 அன்று அங்கே பெங்களூர் அணிக்காகக் கிறிஸ் கெயில் 66 பந்தில் 175 ரன் அடித்தார், அவுட் ஆகவே இல்லை.

[திரையில்: 175/66]

இது நிஜமான பின்னம். மேலே ரன், கீழே பந்து. வகுத்துப் பாருங்கள். 66 இரண்டு முறை போகும், மீதி 43. புள்ளி வைத்து சைபர் சேர்த்தால் 430, ஆறு முறை போகும், மீதி 34. 340, ஐந்து முறை, மீதி 10. 100, ஒரு முறை, மீதி மறுபடியும் 34. வந்த மீதியே திரும்ப வந்துவிட்டதால் இனிமேல் 5, 1, 5, 1 என்று முடிவில்லாமல் ஓடும். 2.65151515... நூறால் பெருக்கினால் 265.15. இதுதான் ஸ்ட்ரைக் ரேட், நூறு பந்துக்கு எத்தனை ரன் என்பது. முதலிலேயே 2.65 என்று வெட்டிவிட்டுப் பெருக்கினால் 265 என்று நின்றுவிடும், 0.15 காணாமல் போகும். அதனால் கடைசி வரியில்தான் வெட்ட வேண்டும்.

நூறைத் தாண்டியது ஏன்? ரன் என்பது பந்தின் ஒரு பங்கு இல்லை. இரண்டு வேறு பொருளை ஒப்பிடுகிறோம், ஆகவே மேலே உள்ளது கீழே உள்ளதைவிடப் பெரிதாக இருக்கலாம். பங்கு கேட்டால் கதை வேறு. அந்த 175இல் 13 ஃபோர், 17 சிக்ஸர். 52ம் 102ம் சேர்த்து 154 ரன் பவுண்டரியிலேயே வந்தது. 154/175ஐ ஏழால் சுருக்கினால் 22/25. மேலும் கீழும் நாலால் பெருக்கினால் 88/100. ஆக 0.88, 88 சதவீதம். இது முழுதில் ஒரு பங்கு என்பதால் எவ்வளவு அடித்தாலும் நூறைத் தாண்ட முடியாது.

[திரையில்: 20 ஓவர் மேட்ச், ஓவர் 16.4]

இப்போது உங்கள் நோட்டை எடுங்கள். இந்த இன்னிங்ஸில் எத்தனை சதவீதம் முடிந்திருக்கிறது? பின்னம், தசமம், சதவீதம் மூன்றும் எழுதுங்கள். 82 என்று வந்தால் அந்தப் புள்ளியை மறுபடி பாருங்கள். பின்னம் 5/6 என்று சுருங்கி, தசமத்தில் 3 நிற்காமல் ஓடினால் சரியாகப் போட்டிருக்கிறீர்கள்.