மாடித் தொட்டியா, சம்ப்பா? ஷவர் உயரத்திலிருந்து கணக்குப் போடுவோம்

[திரையில்: தரைத்தளமும் முதல் தளமும் உள்ள வீட்டின் குறுக்குவெட்டுப் படம். மொட்டை மாடியில் தொட்டி, வாசல் பக்கம் தரைக்கடியில் சம்ப்.]

தரைத்தளம், அதன் மேல் ஒரு தளம். இப்படி ஒரு வீடு கட்டுகிறீர்கள். மொட்டை மாடியில் தொட்டி வைத்தால் போதுமா, இல்லை சம்ப் கட்டி மோட்டார் போட்டு நேராகக் குழாய்களுக்குத் தண்ணீர் விடலாமா? இதுதான் கேள்வி.

இந்த இரண்டும் செய்யும் வேலை வேறு வேறு. சம்ப் தண்ணீரை வாங்கி வைக்கிறது. மாடித் தொட்டி தண்ணீரைக் கொடுக்கிறது. அதனால் முதலில் நாம் பார்க்க வேண்டியது, வெளியிலிருந்து வரும் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறும் என்பதை.

[திரையில்: மனையில் வந்து நிற்கும் குழாய். அதில் மாட்டிய தெளிவான பிளாஸ்டிக் ஹோஸை ஒருவர் ஏணியில் ஏறி உயர்த்துகிறார்.]

இதற்கு ஒரு ஹோஸ் போதும். தண்ணீர் வரும் நேரத்தில் மனைக்குள் வரும் குழாயில் ஹோஸை மாட்டி, மறுமுனையை மெல்ல மெல்ல உயர்த்துங்கள். எந்த உயரத்தில் ஒழுக்கு நிற்கிறதோ, அதுதான் அந்தத் தண்ணீர் தானாக ஏறும் உயரம். ஒரு நாள் மட்டும் பார்த்தால் போதாது. பக்கத்து வீடுகள் எல்லாம் தண்ணீர் பிடிக்கிற நேரத்தில் இரண்டு மூன்று நாள் பாருங்கள். தண்ணீர் பத்தடி ஏறுவதற்குள் நின்றுவிட்டால், சம்ப் கட்டாமல் முடியாது. முப்பத்தைந்து அடிக்கு மேலும் தயங்காமல் ஏறினால், நேராக மாடித் தொட்டிக்கே விட்டுவிடலாம். அப்போது சம்ப் செலவு தேவையில்லை. சொந்த ஆழ்துளைக் கிணறு இருந்து, அதில் நல்ல ஊற்றும் இருந்தால், அந்த மோட்டாரே மாடிக்கு ஏற்றிவிடும்.

சரி, தண்ணீர் ஏறவில்லை, சம்ப் கட்டுகிறோம் என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் மாடித் தொட்டி எதற்கு? சம்ப்பிலிருந்து பிரஷர் பம்ப் போட்டு நேராகக் குழாய்களுக்கு விடலாமே என்று கேட்பார்கள். விடலாம். ஷவரில் தண்ணீர் நன்றாகக் கொட்டும். ஆனால் யாராவது ஒரு குழாயைத் திறந்தாலே பம்ப் ஓடும். மின்சாரம் போனால் வீடு முழுக்கத் தண்ணீர் நின்றுவிடும். பம்ப்போடு ஒரு சின்ன அழுத்தத் தொட்டி தருவார்கள். இருபத்து நான்கு லிட்டர் என்று எழுதியிருக்கும். அதில் பெரும்பகுதி காற்று. பம்ப் நின்ற பிறகு அதிலிருந்து கிடைப்பது ஏறக்குறைய ஏழெட்டு லிட்டர், ஒரு வாளிகூட நிறையாது. மின்சாரம் அடிக்கடி போகும் இடமாக இருந்தால், இந்த முறையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மாடியில் ஆயிரம் லிட்டர் நின்றால், மின்சாரம் நாள் முழுக்க இல்லாவிட்டாலும் சமையலும் குளியலும் நடக்கும்.

அதனால் பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டுமே வேண்டும். இதில் பலர் கோட்டைவிடுவது தொட்டி நிற்கும் உயரத்தில். நானும் அப்படித்தான். என் வீட்டில் தொட்டியை மொட்டை மாடித் தளத்திலேயே ஓரடி மேடை கட்டி வைத்தார்கள். கீழ்த்தளத்தில் தண்ணீர் நன்றாக வந்தது. முதல் தளத்து ஷவரில் நூல் மாதிரி ஒழுகியது. குழாயில் அடைப்பு என்று நினைத்து ஷவரை இரண்டு முறை மாற்றினோம். அடைப்பு எதுவும் இல்லை. குறை உயரத்தில் இருந்தது.

[திரையில்: குறுக்குவெட்டுப் படத்தில் அடிக்கணக்கு ஒவ்வொன்றாக எழுதப்படுகிறது.]

கணக்கை வரிசையாகப் பார்ப்போம். தரைத்தளத்தின் தரையைப் பூஜ்யம் என்று வையுங்கள். ஒரு தளத்துக்குப் பத்தரை அடி. அப்படியானால் முதல் தளத்தின் தரை 10½ அடியில், மொட்டை மாடி 21 அடியில். ஷவர் தரையிலிருந்து ஏழடி உயரத்தில் இருக்கும். ஆக முதல் தளத்து ஷவர் 17½ அடியில். தொட்டி ஓரடி மேடையில் நின்றால் அதன் அடிப்பாகம் 22 அடி. இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் நாலரை அடிதான். தண்ணீரைத் தள்ளுவதற்கு நமக்குக் கிடைக்கும் பலம் அவ்வளவே. 33 அடி உயரத் தண்ணீருக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம். அதில் நாலரை அடி என்றால் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. வெந்நீர், தண்ணீர் கலக்கும் மிக்சரும் பெரிய மழை ஷவரும் அரை பார், ஒரு பார் என்று கேட்பவை. இந்த நாலரை அடியில் அவை சொட்டும்.

தொட்டி நிறைந்திருக்கும்போது உள்ளே மூன்றடித் தண்ணீர் நிற்கும், அதையும் சேர்த்தால் ஏழரை அடி. மட்டம் இறங்க இறங்க அது நாலரைக்கு வந்துவிடும். காலையில் ஷவர் பரவாயில்லை, மதியத்துக்கு மேல் சரியில்லை என்று சொல்லும் வீடுகளில், பெரும்பாலும் காரணம் இதுதான். சந்தேகம் இருந்தால் பத்து லிட்டர் வாளியை ஷவருக்குக் கீழே வையுங்கள். தொட்டி நிறைந்திருக்கும்போது எத்தனை நொடியில் நிறைகிறது, கால் தொட்டி இருக்கும்போது எத்தனை நொடி என்று பாருங்கள். இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் இருந்தால் உயரம் போதவில்லை. இரண்டு முறையும் ஒரே மாதிரி மெதுவாக வந்தால் குழாயிலோ வால்வு, ஷவரிலோ அடைப்பு இருக்கிறதா என்று தேடுங்கள்.

[திரையில்: தொட்டி மொட்டை மாடித் தளத்திலிருந்து படிக்கட்டு அறையின் கூரைக்கு நகர்கிறது.]

இப்போது அதே தொட்டியைப் படிக்கட்டு அறையின் கூரைக்குக் கொண்டுபோவோம். ஹெட்ரூம் என்று மேஸ்திரி சொல்வது அதைத்தான். மொட்டை மாடியிலிருந்து எட்டரை அடி, கூடவே ஒரு சின்ன மேடை. தொட்டியின் அடிப்பாகம் 30 அடிக்குப் போய்விடும். ஷவருக்கு மேலே இப்போது 12½ அடி. உயர வித்தியாசம் மூன்று மடங்குக்குக் கிட்டே வந்தாலும், தண்ணீர் மூன்று மடங்கு கொட்டாது. வேகம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, ஆகவே ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் கிடைக்கும். சாதாரண ஷவரில் நிம்மதியாகக் குளிக்க அது போதும். மாடியில் சூரிய வெந்நீர்த் தொட்டி வைக்கும் எண்ணம் இருந்தாலும் இந்த உயரம் உதவும். அதற்குத் தண்ணீர் கொடுக்கும் தொட்டி, அதைவிட மேலே இருந்தாக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. கூரையின் நடுவில் அதை வைக்கக் கூடாது. கீழே சுவரோ பீமோ வரும் இடத்தில்தான் மேடை கட்ட வேண்டும். இது கூரைக் கான்கிரீட்டுக்கு முன்பே பொறியாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிறகு சொன்னால் அவரால் செய்ய முடிந்தது குறைவு.

கீழே இறங்கும் குழாயிலும் உயரத்தின் பலனை இழக்கலாம். இரண்டு தளத்துக்கும் ஒரே குழாய் போட்டால், கீழே சமையலறையில் குழாயைத் திறந்ததும் மேலே ஷவர் மெலிந்துவிடும். தொட்டியிலிருந்தே இரண்டு தளத்துக்கும் தனித்தனிக் குழாய், தனித்தனி வால்வு போடுங்கள். முதல் தளத்துக் குழாய் ஒன்றேகால் அங்குலமாக இருக்கட்டும். குளியலறை வரைக்கும் அதை ஒரு அங்குலத்துக்குக் கீழே குறைக்க வேண்டாம். வால்வைத் தாண்டியதும் ஒரு காற்றுக் குழாய் வைத்து, தொட்டியின் மேல்மட்டத்தைவிட உயரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அது இல்லாவிட்டால் தொட்டி காலியாகி மறுபடி நிறையும்போது காற்று சிக்கிக்கொண்டு, தொட்டி நிறைய இருந்தும் குழாயில் தண்ணீர் வராது.

மழை ஷவர் வேண்டும் என்பவர்கள் முதல் தளத்துக் குழாயில் மட்டும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பிரஷர் பம்ப் போடலாம். அதைச் சுற்றிப் போகும் ஒரு மாற்றுக் குழாயும், அதில் தண்ணீரைத் திரும்ப விடாத வால்வும் கட்டாயம். மின்சாரம் இல்லாதபோது தண்ணீர் அந்த வழியாக இறங்கும்.

[திரையில்: சம்ப்பின் உட்புறம், மோட்டார், மேலே ஏறும் குழாய்.]

இனி கீழே வருவோம். ஐந்து பேர் உள்ள குடும்பம், ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்தால் 675 லிட்டர். மேலே ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்றரை நாளுக்குக் காணும். சம்ப் எவ்வளவு என்பது, தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதைப் பொறுத்தது. இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்து, ஒரு முறை வராமலும் போகலாம் என்றால் நான்கு நாள் தேவை 2,700 லிட்டர். உள்ளளவு ஆறடி நீளம், ஐந்தடி அகலம், தண்ணீர் நான்கடி நின்றால் 120 கன அடி, அதாவது சுமார் 3,400 லிட்டர். மேலே ஓரடி காலியாக விடுங்கள். சம்ப்பின் வாய் தரையிலிருந்து அரையடியாவது உயர்ந்திருக்கட்டும். இல்லையென்றால் மழைத் தண்ணீர் உள்ளே வழிந்துவிடும். கழிவுநீர்த் தொட்டியிலிருந்து மனை இடம் கொடுக்கும் அளவுக்குத் தள்ளியே கட்டுங்கள்.

மோட்டார் வாங்கும்போது ஹெச்.பி. மட்டும் கேட்காதீர்கள். சம்ப்பின் அடி தரைத்தளத்தின் தரையிலிருந்து ஏழடி கீழே, தொட்டியின் வாய் 34 அடி மேலே. ஆக 41 அடி ஏற்ற வேண்டும். வளைவுகளிலும் குழாய் உரசலிலும் போவதற்கு இன்னும் ஆறேழு அடி சேர்த்தால் 48 அடி, ஏறக்குறைய 15 மீட்டர். மோட்டார் அட்டையில் அதிகபட்ச உயரம் என்று ஒரு எண் பெரிதாக இருக்கும். அந்த உயரத்தில் அது ஒரு சொட்டும் ஊற்றாது. அந்த எண்ணே 15 என்றால், நம் வீட்டில் அந்த மோட்டார் சும்மா சுழலும். 15 மீட்டரில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று அதே அட்டையில் பாருங்கள். முப்பது லிட்டர் இருந்தால் ஆயிரம் லிட்டர் தொட்டி முப்பத்தைந்து நிமிடத்துக்குள் நிறையும். நம் கணக்குக்கு அரை ஹெச்.பி. மோட்டாரிலேயே இது கிடைக்கும்.

சம்ப்பில் தண்ணீர் தீர்ந்ததும் மோட்டாரை நிறுத்த ஒரு மிதவை சுவிட்ச், மேலே தொட்டி நிறைந்ததும் நிறுத்த இன்னொன்று. கீழே உள்ளதை விட்டுவிட்டால், மோட்டார் வெறுமனே ஓடி சீல் கருகிவிடும். தினமும் மோட்டாரில் தண்ணீர் ஊற்றித்தான் கிளப்ப வேண்டியிருந்தால் முதலில், சம்ப்புக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயின் அடியில் உள்ள ஃபுட் வால்வைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அதில் மணலோ தூசியோ மாட்டியிருக்கும்.

[திரையில்: கான்கிரீட் போடுவதற்கு முன் கம்பி கட்டிய கூரை. அதில் குழாய்களுக்கு விட்ட துளைகள்.]

சம்ப்பிலிருந்து தொட்டி வரை அந்தச் சுவிட்ச் ஒயருக்கு ஒரு தனிப் பைப்பும், தொட்டிப் பக்கத்தில் பிரஷர் பம்ப்புக்கு ஒரு மின் இணைப்பும், ஏறும் குழாய்க்கும் இறங்கும் இரண்டு குழாய்களுக்கும் கூரையில் துளைகளும் விடச் சொல்லுங்கள். கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் நீங்களே மேலே ஏறி ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிடுங்கள்.