பூட்டிய வீட்டை என்ன செய்வீர்கள்? இடப்பெயர்வு ஆய்வுக்கு முறை தேர்வது பற்றி

(தருமபுரியில் சமூக அறிவியல் ஆராய்ச்சி மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பு மாணவர்களே,

நீங்கள் எழுதிய ஆய்வு முன்மொழிவுகளைப் படித்துவிட்டு வந்திருக்கிறேன். கிராமத்திலிருந்து நகரத்துக்குப் பெயர்வதுதான் உங்களில் பலருடைய தலைப்பு. ஆய்வு முறை என்ற பகுதிக்கு வந்ததும் எல்லோரும் ஒரே வாக்கியத்தை எழுதியிருக்கிறீர்கள்: "இந்த ஆய்வில் கலப்பு முறை கையாளப்படும்." அதற்கடுத்து முந்நூறு வினாநிரல், இருபது நேர்காணல் என்று போகிறது. அந்த முந்நூறு எங்கிருந்து வந்தது? வினாநிரல் முதலா, நேர்காணல் முதலா? ஒன்றில் கிடைத்தது மற்றொன்றுக்குள் எப்படிப் போகிறது? இவற்றுக்கு முன்மொழிவில் விடை இல்லையென்றால் அது கலப்பு முறை ஆகாது. ஒரே அட்டைக்குள் கட்டிய இரண்டு தனி ஆய்வுகள், அவ்வளவுதான்.

பொதுவாகப் பேசாமல் ஒரே ஒரு தலைப்பை எடுத்துக்கொள்வோம். பென்னாகரம் வட்டத்தின் மானாவாரிக் கிராமங்களிலிருந்து பெங்களூருவின் கட்டட வேலைக்குப் போகிறவர்கள். இங்கிருந்து பெங்களூரு ஏறத்தாழ 130 கிலோமீட்டர். இரவு பஸ் ஏறினால் விடியற்காலையில் வேலை நடக்கும் இடத்தில் இறங்கிவிடலாம். அதனால் இந்தப் பெயர்வுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. போனவர் போனவராகவே இருப்பதில்லை. இரண்டு மாதம் வேலை, பிறகு ஊர். மழை விழுந்தால் ராகி விதைக்க வருவார், பொங்கலுக்கு வருவார், ஆடிப்பெருக்குக்கு வருவார், மறுபடி போவார். கணவன் மட்டும் போகிற வீடும் உண்டு. பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டுக் கணவன் மனைவி இருவரும் போகிற வீடும் உண்டு. கதவைப் பூட்டிவிட்டு எல்லோரும் போய்விடுகிற வீடும் உண்டு.

முதலில் அளவுசார் முறையைப் பார்ப்போம். அரசின் புள்ளிவிவரம் இருக்கும்போது நாமே ஏன் வீடு வீடாகப் போக வேண்டும் என்று உங்களில் ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல கேள்வி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒருவர் கடைசியாக வசித்த இடத்தைக் கேட்டது. அங்கிருந்து வந்த காரணத்தையும் கேட்டது. ஆனால் அந்தக் கணக்கு மனிதர் வந்து சேர்ந்த இடத்தில் எடுக்கப்படுவது. வெளியான அட்டவணையைக் கொண்டு பெங்களூருவில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களைத் தேடலாம். பென்னாகரத்தின் ஒரு கிராமத்திலிருந்து போனவர்களைத் தேட முடியாது. கணக்கெடுப்பு நடந்த பிப்ரவரியில் ஊரில் இருந்தவர் ஊர்க்காரராகவே பதிவாகியிருப்பார். தேசிய மாதிரி ஆய்வின் 64ஆவது சுற்று, 2007-08இல் நடந்தது, இன்னும் நுணுக்கமானது. முந்தைய 365 நாட்களில் வேலைக்காக ஒரு மாதம் முதல் ஆறு மாதத்துக்குள் வெளியே தங்கியவர்களைக் குறுகிய காலப் பெயர்வாளர் என்று அது தனியே பிரித்தது. நம்முடைய ஆட்களில் பலரை இந்த வரையறை பிடித்துவிடும். ஆனால் பதினைந்து நாளைக்கு ஒரு முறை ஊருக்கு வந்து போகிறவரை? அவர் எந்தக் கட்டத்திலும் சரியாக உட்காரமாட்டார். தவிர, அது மாநில அளவுக்குத் திட்டமிட்ட மாதிரி. ஒரு மாவட்டத்துக்கு விழுகிற குடும்பங்களின் எண்ணிக்கை குறைவு. அதை வைத்து ஒரு வட்டத்தைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது.

இதில் பெண்களின் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். கணக்கெடுப்பில் இடம்பெயர்ந்த பெண்களில் பெரும்பாலோருக்குக் காரணம் திருமணம் என்றே பதிவாகியிருக்கிறது. ஒருவருக்கு ஒரே காரணம்தான் குறிக்க முடியும். திருமணமாகிக் கணவனோடு பெங்களூரு போய், அடுத்த வாரமே சித்தாளாகச் செங்கல் சுமக்கத் தொடங்கிய பெண்ணும் அந்தத் திருமணக் கட்டத்துக்குள்தான் இருக்கிறார். அவருடைய உழைப்பை ஆராய வருகிற நீங்கள் அந்த அட்டவணையை மட்டும் நம்பினால், அவர் உங்கள் ஆய்வில் தொழிலாளியாகவே வரமாட்டார்.

ஆகவே சொந்தக் கள ஆய்வு. எத்தனை குடும்பங்கள்? முன்மொழிவுகளில் 384 என்ற எண் அடிக்கடி வருகிறது. 95 விழுக்காடு நம்பிக்கை, கூட்டியோ குறைத்தோ 5 விழுக்காடு பிழை என்று வைத்தால் வருகிற எண் அது. ஆனால் வட்டம் முழுவதிலும் சிதறலாக, ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனியே குலுக்கி எடுத்தால்தான் அந்தக் கணக்கு பொருந்தும். நீங்கள் அப்படிச் செய்யப்போவதில்லை. முதலில் கிராமங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் இருபது வீடு எடுப்பீர்கள். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே மேஸ்திரியோடு போகிறவர்கள். ஒருவரைப் போலவே மற்றவர் இருப்பார். இருபது வீட்டில் கிடைப்பது இருபது வீட்டின் செய்தி அல்ல. அந்த ஒற்றுமையின் அளவு 0.05 என்று மிதமாக வைத்தாலும், 1 + 19 × 0.05 = 1.95, அதாவது மாதிரி ஏறக்குறைய இரு மடங்காக வேண்டும். 384 என்பது 750 ஆகிவிடும். தனியொரு மாணவரால் அது ஆகாத காரியம். பிழையை 7 விழுக்காடு வரை ஏற்றுக்கொண்டால் அடிப்படை எண் 196, அதை 1.95ஆல் பெருக்கினால் 382. இருபது கிராமம், கிராமத்துக்கு இருபது வீடு, மொத்தம் 400. இது செய்யக்கூடியது. இந்தக் கணக்கை முன்மொழிவில் எழுதுங்கள். 7 விழுக்காட்டுப் பிழை என்று நேர்மையாக ஒப்புக்கொள்வது, 384 என்று எழுதிவிட்டு ஏன் என்று சொல்லாமல் விடுவதைவிட மேலானது.

இனி, இந்தத் தலைப்பில் எண்களைக் கெடுக்கிற பெரிய விஷயத்துக்கு வருகிறேன்: பூட்டிய வீடு. குலுக்கலில் வந்த வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டை எடுத்துக்கொள்வது கள ஆய்வில் பழக்கமாகிவிட்டது. வேறு தலைப்புகளில் அதனால் பெரிய நட்டம் வராமல் போகலாம். இடப்பெயர்வில் அது ஆய்வையே கவிழ்க்கும். ஒரு பேச்சுக்கு நூறு வீடுள்ள ஊர் என்று வையுங்கள். இருபது வீடு பூட்டியிருக்கிறது. அதில் பதினைந்து, குடும்பத்தோடு பெங்களூரு போனவை. திறந்திருக்கிற எண்பது வீட்டில் இருபத்துநான்கில் யாரோ ஒருவர் வேலைக்குப் போயிருக்கிறார். திறந்த வீடுகளை மட்டும் கேட்டால் 30 விழுக்காடு. உண்மையில் நூற்றுக்கு 39. குறைந்தது வெறும் எண்ணிக்கை மட்டுமல்ல. குடும்பத்தோடு போகிறவர்கள் பெரும்பாலும் நிலமில்லாதவர்களாக இருந்தால், நிலம் இல்லாததற்கும் ஊரை விட்டுப் போவதற்கும் உள்ள தொடர்பே உங்கள் முடிவில் மங்கிப்போகும்.

எனவே மாற்று வீடு எடுக்காதீர்கள். பூட்டிய ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சிறு தாள் வைத்து, வீட்டார் எங்கே, எத்தனை பேர், எப்போதிலிருந்து என்று இரண்டு அண்டை வீட்டாரிடம் தனித்தனியே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பொங்கலை ஒட்டியோ ஆடிப்பெருக்கை ஒட்டியோ மறுபடி போங்கள். இரண்டாம் முறை திறந்திருக்கும் வீடுகளின் விடைகளை முதல் முறை கிடைத்தவற்றோடு ஒப்பிட்டாலே, எவ்வளவு தவறவிட்டிருப்பீர்கள் என்பது தெரிந்துவிடும்.

சரி, பண்புசார் முறை எங்கே வேண்டும்? எத்தனை குடும்பங்கள், எந்த மாதிரிக் குடும்பங்கள் என்பவற்றுக்கு எண் விடை சொல்லும். மேஸ்திரியின் முன்பணம் எப்படிப் பேசப்படுகிறது, யார் வாங்குகிறார், வேலை பாதியில் நின்றால் என்ன ஆகிறது, அடுத்த முறை யாரோடு போவது என்பதை அந்த வீட்டில் யார் முடிவு செய்கிறார் என்பவற்றுக்கு வினாநிரலில் கட்டம் போட முடியாது. கட்டம் போட வேண்டுமானால் விடைகள் என்னென்ன என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். உங்களுடையது ஆறு மாத முதுகலை ஆய்வேடு என்றால், துணிந்து இந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டு கிராமங்களில் இருபது இருபத்தைந்து நீண்ட நேர்காணல்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எண் இல்லாத ஆய்வேடு தாழ்ந்தது என்ற எண்ணம் நம் துறைகளில் இன்னும் இருக்கிறது. அது தவறு என்று நான் உறுதியாகவே சொல்கிறேன்.

ஆனால் அங்கும் ஒரு பள்ளம் உண்டு. ஊருக்குள் போக எளிய வழி மேஸ்திரிதான். அவரே ஆட்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவார். ஐந்தாறு நேர்காணலில் எல்லோரும் ஒரே கூலியைச் சொல்லி, பாக்கி எதுவும் இல்லை என்றும் சொன்னால், யார் வழியாக நுழைந்தோம் என்று நின்று யோசியுங்கள். போய்விட்டுத் திரும்பியவரை, மேஸ்திரியை மாற்றியவரை, ஒருமுறை போய் இனிப் போகவே மாட்டேன் என்று இருப்பவரை, பெண்களை அவர்கள் மட்டும் இருக்கும்போது, வேறு வழிகளில் தேடிச் சென்று கேளுங்கள்.

மூன்றாண்டு முனைவர் பட்ட ஆய்வு என்றால் இரண்டையும் சேர்க்க இடம் இருக்கிறது. எங்கே சேர்கிறது என்பதை மட்டும் தெளிவாக எழுதுங்கள். நான் பரிந்துரைக்கும் ஒழுங்கு இது. முதலில் இரண்டு கிராமங்களில் பத்துப் பன்னிரண்டு நேர்காணல். அதிலிருந்து வினாநிரலுக்குள் போகவேண்டியவை: போய் வருவதை ஆண்டாகக் கேட்பதா, ஒவ்வொரு பயணமாகக் கேட்பதா, முன்பணம் எந்தெந்த வடிவில் வருகிறது, காலத்தை எதை வைத்து நினைவுகூர்கிறார்கள். "கடந்த பன்னிரண்டு மாதத்தில் எத்தனை நாள்" என்று கேட்டால் ஒரு தோராயம்தான் வரும். பொங்கல், மாரியம்மன் பண்டிகை, ஆடிப்பெருக்கு, தீபாவளி என்று கட்டம் போட்ட ஒரு நாட்காட்டியைக் கையில் கொடுத்து, எந்தப் பண்டிகைக்கு ஊரில் இருந்தீர்கள் என்று கேட்டால் பயணங்கள் ஒவ்வொன்றாக விழும்.

அடுத்து, 400 குடும்பங்களின் கணக்கெடுப்பு. மூன்றாவதாக மீண்டும் நேர்காணல். இம்முறை ஆட்களைத் தேர்வது உங்கள் வசதி அல்ல, கணக்கெடுப்பின் முடிவு. நிலமும் கிணறும் இல்லை, கடன் இருக்கிறது, உழைக்கும் வயதில் இருவர் இருக்கிறார்கள். கணக்குப்படி இந்த வீட்டிலிருந்து யாராவது போயிருக்க வேண்டும், ஆனால் போகவில்லை. அப்படிப்பட்ட வீடுகளை எடுங்கள். பாசன நிலம் இருந்தும் போகிற வீடுகளையும் எடுங்கள். இரண்டிலுமாக ஒரு பதினைந்து போதும். உங்கள் விளக்கத்தில் எது விடுபட்டது என்பது இந்த வீடுகளில்தான் இருக்கிறது.

இரண்டு முறையும் முரண்பட்டால் என்ன செய்வது என்று தேர்வாளர் கட்டாயம் கேட்பார். நேர்காணலில் முன்பணம்தான் ஆளை இழுக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். கணக்கெடுப்பிலோ முன்பணம் வாங்கிய வீடுகள் மிகக் குறைவு என்று வருகிறது. எது சரி என்று அவசரப்படாதீர்கள். முதலில் வினாநிரலுக்கு விடை சொன்னது யார் என்று பாருங்கள். பகலில் போன உங்களுக்குப் பதில் சொன்னவர் வீட்டிலிருந்த மனைவியோ தாயோதான். பணம் கைமாறியது பெங்களூருவில், கணவனிடம். ஆகவே விடை சொன்னவர் போனவரா, வீட்டில் இருந்தவரா என்பதை முதல் பக்கத்திலேயே ஒரு கட்டமாக வைத்து, முன்பணக் கேள்வியின் விடைகளை அதன்படி இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். இரண்டு பங்குக்கும் பெரிய வித்தியாசம் வந்தால், வீட்டுக்குத் தெரியாமல் வாங்கும் முன்பணம் என்பதே உங்கள் ஆய்வேட்டின் ஓர் அத்தியாயம் ஆகும். வித்தியாசம் இல்லையென்றால், முதல் கட்டத்தில் நீங்கள் பேசிய இரண்டு கிராமங்கள் மற்றவற்றிலிருந்து வேறுபட்டவை என்று கொண்டு, அந்த இரண்டையும் மீதிப் பதினெட்டோடு ஒப்பிட வேண்டும். அதற்காகவே அந்த இரண்டு கிராமங்களையும் இருபதுக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். வட்டம் முழுவதற்குமான விழுக்காட்டைக் கணக்கிடும்போது, குலுக்கலில் வராதவை என்று அவற்றை ஒதுக்கிவிடுங்கள். அப்போது மிஞ்சுவது 360 வீடு, பிழை ஏறத்தாழ 7.2 விழுக்காடு; அதையும் எழுதிவிடுங்கள்.