பாதித் தூரத்தில் 5 நிமிடம் பின்னால், முடிவில் 4 நிமிடம் முன்னால்: மாரத்தான் நேரக் கணக்கு

[திரையில்: இரண்டு கடிகாரங்கள். ஒன்று 4:22:35, மற்றொன்று 4:18:29]

வணக்கம். இந்த இரண்டு நேரங்களும் ஒரே ஆளுடையவை. அதே உடம்பு, அதே பயிற்சி, அதே பாதை. 4:18இல் முடித்த ஓட்டத்தில் அவர் பாதித் தூரத்தை 5 நிமிடத்துக்கு மேல் தாமதமாகத்தான் கடந்தார். அப்படியிருந்தும் 4 நிமிடம் முன்னதாக முடித்துவிட்டார். இந்த 4 நிமிடம் எங்கிருந்து வந்தது என்பதுதான் இன்றைய வீடியோ. அது புரிந்துவிட்டால் உங்கள் முதல் மாரத்தானுக்கு எந்த நேரத்தை எதிர்பார்க்கலாம் என்று நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.

மாரத்தான் 42.195 கிலோமீட்டர். வரலாற்றுக்குள் போகவில்லை, நேராகக் கணக்குக்கு வருவோம்.

நம் ஓட்டக்காரர் அரை மாரத்தானை முழு மூச்சாக ஓடி, சரியாக 2 மணி நேரத்தில் முடித்தவர். அதாவது கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 விநாடி. வாராவாரம் ஓடும் ஈஸி ரன் எல்லாம் 6:30 வேகத்தில். இவர் முதல் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். எத்தனை மணி நேரத்தில் முடிப்பார்?

பலரும் உடனே செய்வது இரண்டில் ஒன்று. அரை மாரத்தான் நேரத்தை இரண்டால் பெருக்கி 4 மணி என்பார்கள். அல்லது பயிற்சியில் ஓடும் 6:30ஐ 42.195ஆல் பெருக்கி 4 மணி 34 நிமிடம் என்பார்கள். இரண்டுமே தவறு. முதல் கணக்கு, வேகம் குறையவே குறையாது என்று நம்புகிறது. இரண்டாவது, பயிற்சிக்காக வேண்டுமென்றே மெதுவாக ஓடுவதைப் போட்டி வேகமாக எடுத்துக்கொள்கிறது. ஈஸி ரன் வேகத்தை மட்டும் வைத்து மாரத்தான் நேரத்தைச் சொல்லவே முடியாது. முழு மூச்சாக ஓடிய ஒரு போட்டி நேரம் கட்டாயம் வேண்டும்.

[திரையில்: சூத்திரம்]

```
T2 = T1 × (D2 / D1)^1.06
```

1977இல் பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் வெளியிட்ட சூத்திரம் இது. இணையத்தில் கிடைக்கும் பல மாரத்தான் கால்குலேட்டர்களுக்குள் இருப்பது இதுதான். T1 நீங்கள் ஓடிய நேரம், D1 அந்தத் தூரம், D2 ஓடப்போகும் தூரம். இதில் உயிர்நாடி அந்த 1.06. வேகம் குறையவே குறையாது என்றால் அந்த இடத்தில் வெறும் 1 இருந்திருக்கும். கூடுதலாக இருக்கும் 0.06தான் களைப்புக்கான கணக்கு. தூரம் இரு மடங்கானால் நேரம் 2 மடங்கு ஆகாது, சுமார் 2.085 மடங்கு ஆகும். நம் ஓட்டக்காரருக்கு இது 4 மணி 10 நிமிடம் என்று சொல்லும்.

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 5 கிலோமீட்டர் நேரத்தை வைத்து 10 கிலோமீட்டரைக் கணிக்க இந்தச் சூத்திரம் நன்றாகவே உதவும். அரை மாரத்தான் வரைகூடப் பரவாயில்லை. முழு மாரத்தானுக்கு வரும்போது, பொழுதுபோக்காக ஓடுகிறவர்களுக்கு இது அளவுக்கு மீறிய நம்பிக்கையைக் கொடுக்கிறது. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், ஓடியவர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கணிப்பு குறைந்தது 10 நிமிடம் வேகமாக இருந்தது. ஆக, நம் ஆளும் 4:10ஐ நம்பிப் புறப்படக் கூடாது.

அரை மாரத்தானுக்கும் முழு மாரத்தானுக்கும் நடுவில் அப்படி என்ன மாறுகிறது? எரிபொருள். தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து தோராயமாக 2,000 கலோரிக்குத்தான் வரும். ஓடுவதற்கு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 1 கலோரி செலவாகும். 70 கிலோ எடையுள்ளவருக்கு முழு மாரத்தானுக்கும் 3,000 கலோரி பக்கம் வேண்டும். அரை மாரத்தானுக்கு 1,500 போதும், கையிருப்புக்குள் அடங்கிவிடும். அதனால்தான் அரை மாரத்தான் நேரம் இந்த ஆபத்தைப் பற்றி உங்களிடம் எதையும் சொல்வதில்லை.

மீதியைக் கொழுப்பு கொடுக்கும். கொழுப்புக்கு உடம்பில் பஞ்சமே இல்லை, ஆனால் அது மெதுவாகத்தான் எரியும். வேகம் கூடக்கூட உடம்பு கொழுப்பை ஒதுக்கிவிட்டு மாவுச்சத்தையே அதிகம் எடுக்கும். முதல் பாதியில் கிலோமீட்டருக்குச் சில விநாடி வேகமாக ஓடினால், அந்தச் செலவு அப்போது தெரியாது. 30 கிலோமீட்டரைத் தாண்டிய பிறகுதான் கணக்கு வரும். ஓடுகிறவர்கள் 'சுவரில் மோதிவிட்டேன்' என்று சொல்வது இந்த இடத்தைத்தான்.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நம் ஓட்டக்காரரை இரண்டு தடவை ஓட விடுவோம். இது நான் போட்ட மாதிரிக் கணக்கு. ஆனால் இதில் வரும் வேகச் சரிவு, போட்டி முடிவுப் பட்டியல்களில் சர்வசாதாரணமாகப் பார்க்கக்கூடியது.

[திரையில்: நீலக் கோடு, சிவப்புக் கோடு, பக்கத்தில் பக்கத்தில்]

சிவப்பு ஓட்டம். 4:10க்குள் முடித்துவிடலாம் என்ற ஆசையில் கிலோமீட்டருக்கு 5:50இல் கிளம்புகிறார். பாதித் தூரம் 2 மணி 3 நிமிடத்தில். மூச்சு சீராக இருக்கிறது, கால் லேசாக இருக்கிறது. அதற்குப் பிறகு 30 வரை 6:00. பெரிய இழப்பாகத் தோன்றாது. 30ஐ 2:56:29இல் கடக்கிறார். அடுத்த 5 கிலோமீட்டர் 6:40. 35க்குப் பிறகு 7:20. முடிக்கும்போது 4:22:35.

நீல ஓட்டம். முதல் கிலோமீட்டரிலிருந்தே 6:05. பக்கத்தில் ஓடுகிறவர்கள் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள், அதைப் பொறுத்துக்கொள்வதுதான் கஷ்டம். பாதித் தூரம் 2:08:21. சிவப்பு ஓட்டத்தைவிட 5 நிமிடத்துக்கு மேல் பின்னால். 30ஐ 3:02:30இல் கடக்கிறார், இடைவெளி 6 நிமிடமாகக் கூடியிருக்கிறது. இந்த இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டு யார் ஜெயிப்பார் என்று கேட்டால், சிவப்பு என்று சொல்லத்தான் தோன்றும்.

இப்போது பாருங்கள். 35இல் இடைவெளி 3 நிமிடமாகச் சுருங்கிவிட்டது. நீலமும் அங்கே கொஞ்சம் தளர்ந்து 6:20க்கு வருகிறது. ஆனால் சிவப்பு 7:20இல் இருக்கிறது. ஒவ்வொரு கிலோமீட்டரிலும் ஒரு முழு நிமிடம் நீலத்தின் பக்கம் வருகிறது. 38ஆவது கிலோமீட்டரைத் தாண்டிய உடனே நீலம் சிவப்பைப் பிடித்துவிடுகிறது! முடிக்கும்போது 4:18:29.

38ஆவது கிலோமீட்டர் வரை பின்னால் இருந்த ஓட்டம், கடைசி 4 கிலோமீட்டரில் 4 நிமிடம் முன்னால் போகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை. சிவப்பு ஓட்டத்தில் இரண்டாம் பாதி முதல் பாதியைவிட 13 சதவீதம் மெதுவாகப் போயிருக்கிறது. நீலத்தில் அந்தச் சரிவு 2 சதவீதத்துக்கும் குறைவு.

உலகத்தின் உச்சியில் இருப்பவர்களையும் ஒரு நிமிடம் பார்த்துவிடலாம். 2022இல் பெர்லினில் எலியுட் கிப்சோகே 2:01:09இல் உலக சாதனை படைத்தபோது, முதல் பாதி 59:51, இரண்டாம் பாதி 61:18. அவருக்கே ஒன்றரை நிமிடம் சரிந்தது. அடுத்த ஆண்டு சிகாகோவில் கெல்வின் கிப்டம் அந்தச் சாதனையை 2:00:35இல் முறியடித்தார். முதல் பாதி 60:48, இரண்டாம் பாதி 59:47. கிப்சோகேயைவிட ஏறக்குறைய ஒரு நிமிடம் மெதுவாகப் பாதியைக் கடந்தவர் அரை நிமிடத்துக்கும் மேல் முன்னால் முடித்திருக்கிறார். நம் நீல ஓட்டம் மாதிரியேதான்.

சரி, 6:05 என்று எப்படி முடிவு செய்தேன்? சூத்திரத்தில் 1.06க்குப் பதிலாக 1.10 போட்டேன். 4 மணி 17 நிமிடம் வந்தது. எந்த எண்ணைப் போடுவது என்பது, வாரத்துக்கு எவ்வளவு தூரம் ஓடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. என் கருத்தில், பல மாதமாக வாரத்துக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடி வருகிறவர் மட்டும் 1.06ஐ நம்பலாம். வாரத்துக்கு 50, 60 ஓடுகிறவருக்கு 1.10. 40ஐ எட்டாதவர் 1.15 போட்டுப் பார்க்க வேண்டும். நம் ஆள் அந்த வகையாக இருந்தால் 4 மணி 26 நிமிடம் வரும். ஒரே அரை மாரத்தான் நேரம், 4:10இலிருந்து 4:26 வரை பதில்கள். எந்தப் பதில் உங்களுடையது என்பதைப் பயிற்சிதான் தீர்மானிக்கிறது.

அதைச் சோதித்துப் பார்க்கவும் ஒரு வழி உண்டு. போட்டிக்கு 3, 4 வாரம் முன்னால் ஒரு 30 கிலோமீட்டர் லாங் ரன் போங்கள். கடைசி 10 கிலோமீட்டரை இலக்கு வேகத்தில், இங்கே 6:05இல், ஓடுங்கள். அந்தப் பத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் இதயத்துடிப்பைப் பாருங்கள். 152இல் தொடங்கி 157, 158 என்று முடிந்தால் அந்த வேகம் உங்களுக்குத் தாங்கும். அதே வேகத்துக்கு 170ஐத் தொட்டுவிட்டால், அல்லது துடிப்பு ஏறாமல் இருக்க வேகத்தைக் குறைக்க வேண்டிவந்தால், இலக்கில் கிலோமீட்டருக்கு 10 விநாடி கூட்டிக்கொள்ளுங்கள். இதைக் குளிர்ந்த காலையில் செய்யுங்கள். வெயில் இருந்தால் துடிப்பு தானாகவே ஏறும், சோதனை கெட்டுவிடும்.

கடைசியாக ஒன்று, அவசரமாகச் சொல்கிறேன். கைக்கடிகாரத்தில் தெரியும் வேகத்தை அப்படியே நம்பாதீர்கள். வளைவுகளில் விலகி ஓடுவதாலும் ஜிபிஎஸ் பிழையாலும் போட்டி முடியும்போது கடிகாரம் 42.6 என்று காட்டுவது சகஜம். கடிகாரத்தில் 6:05 என்று ஓடியிருந்தால் இதிலேயே சுமார் இரண்டரை நிமிடம் போய்விடும். பாதையோரத்துப் பலகைகளைப் பாருங்கள். 5 கிலோமீட்டர் பலகையில் 30:25, பத்தில் 1:00:50, முப்பதில் 3:02:30. இந்த மூன்றையும் கையில் எழுதிக்கொள்ளுங்கள்.

[திரையில்: 5 – 30:25, 10 – 1:00:50, 30 – 3:02:30]

உங்கள் அரை மாரத்தான் நேரத்தையும் வாராந்திரத் தூரத்தையும் கீழே எழுதுங்கள். முழு மாரத்தான் ஏற்கெனவே முடித்தவர்கள் இரண்டு பாதிகளின் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த வீடியோவில் அவற்றை எடுத்து, யாருக்கு எந்த எண் பொருந்துகிறது என்று பலகையில் போட்டுப் பார்க்கப் போகிறேன்.